பிப்ரவரி 29 குறுக்கே வருகிறதா?

முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896ஆம் ஆண்டு பிப்ரவரி 29. அந்தத் தேதி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கணக்கின்படி 1900இல், நான்கு வயதில், அவர் பிறந்த தேதி திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 28 முடிந்ததும் மார்ச் 1 பிறந்துவிட்டது. எட்டு வயது நிறைந்த 1904இல்தான் முதன்முறையாக அவருக்கு ஒரு பிப்ரவரி 29 கிடைத்தது. 1977 மார்ச் முதல் 1979 ஜூலை வரை பிரதமராக இருந்தார். அந்தக் காலத்திலும் அந்தத் தேதி ஒருமுறைகூட வரவில்லை. அதற்கு முந்தையது 1976இல், நெருக்கடி நிலையின்போது அவர் காவலில் இருந்த நேரத்தில் வந்தது. பிந்தையது 1980இல், பதவி போன பிறகு வந்தது.

1900 நான்கால் மீதியின்றி வகுபடும் எண். ஆனாலும் அது லீப் ஆண்டு இல்லை. ஏன் இல்லை என்பது புரிந்துவிட்டால், இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்ற கணக்கில் நேரும் பெரும்பாலான தவறுகளைத் தவிர்த்துவிடலாம்.

பூமி சூரியனைச் சுற்றுவதற்கும் தன்னைத்தானே சுற்றுவதற்கும் எந்த உடன்படிக்கையும் கிடையாது. பருவங்கள் ஒரு சுற்று முடிந்து மீண்டும் தொடங்க சுமார் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 46 விநாடி ஆகிறது. நாட்காட்டியிலோ முழு நாளைத்தான் வைக்க முடியும். 365 நாளோடு ஆண்டை முடித்துக்கொண்டால், நான்கே ஆண்டில் ஏறக்குறைய ஒரு நாள் பின்தங்கிவிடுவோம். அப்படியே விட்டால் ஒரு தலைமுறைக்குள் ஒரு வாரம் பிசகும். சில நூற்றாண்டுகளில் கோடை வரவேண்டிய மாதத்தில் குளிர் வந்து நிற்கும்.

ரோமில் ஜூலியஸ் சீசர் கி.மு. 46இல் இதற்கு ஓர் ஏற்பாடு செய்தார். மூன்று ஆண்டுகளுக்கு 365 நாள், நான்காவது ஆண்டுக்கு 366 நாள். கூடுதல் நாளைப் பிப்ரவரியில் சேர்த்தார்கள். பழைய ரோமானியர்களுக்கு ஆண்டின் முதல் மாதம் மார்ச், கடைசி மாதம் பிப்ரவரி. ஏற்கெனவே நாட்காட்டியில் குறையை ஈடுகட்ட எதைச் சேர்த்தாலும் பிப்ரவரியில் சேர்ப்பதுதான் அவர்கள் வழக்கம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான பெயர்கள் இலத்தீன் மொழியில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்ற எண்களிலிருந்து வந்திருப்பதும் அந்தப் பழைய மார்ச் தொடக்கத்தால்தான்.

சீசர் இறந்த பிறகு, நாட்காட்டியைப் பார்த்துக்கொண்ட பூசாரிகள் ஒரு தவறு செய்தார்கள். 'நான்காம் ஆண்டுதோறும்' என்ற விதியை எண்ணும்போது, முந்தைய லீப் ஆண்டையே ஒன்று என்று வைத்து எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போனால் மூன்றே ஆண்டில் அடுத்த லீப் ஆண்டு வந்துவிடும். தேவைக்கு மேல் மூன்று நாட்கள் நாட்காட்டியில் ஏறிவிட்டன. அகஸ்டஸ் பேரரசர் சில லீப் ஆண்டுகளை விட்டுவிடச் சொல்லி அதைச் சரிசெய்தார். தொடக்க நாளைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்ற இந்தக் குழப்பம் இன்றைக்கும் நம்மை விட்டுப் போகவில்லை.

சீசரின் ஏற்பாட்டில் இன்னொரு குறையும் இருந்தது. நான்குக்கு ஒன்று என்றால் ஆண்டின் சராசரி நீளம் 365 நாள் 6 மணி. உண்மையான நீளத்தைவிட அது சுமார் 11 நிமிடம் அதிகம். பதினோரு நிமிடம் பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் 128 ஆண்டில் அது ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும். 16ஆம் நூற்றாண்டுக்குள் பத்து நாள் பிசகு வந்துவிட்டது. மார்ச் 21 வாக்கில் வரவேண்டிய சம இரவு நாள் மார்ச் 11 வாக்கிலேயே வந்தது. ஈஸ்டர் பண்டிகையின் தேதியை அதை வைத்துத்தான் குறிக்கிறார்கள் என்பதால் திருச்சபைக்கு இது பெரிய சிக்கல்.

1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி திருத்தம் கொண்டுவந்தார். லூயிஜி லிலியோ என்ற இத்தாலிய மருத்துவர் வகுத்த திட்டம் அது. கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற கணித அறிஞர் அதை மெருகேற்றி விளக்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமை. மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. பத்து தேதிகளைத் தூக்கிவிட்டார்கள். கிழமை வரிசையைத் தொடவில்லை. பிசகு திரும்ப வராமலிருக்க விதியையும் மாற்றினார்கள். நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் 1700, 1800, 1900 போல இரண்டு சுழியில் முடியும் ஆண்டு 400ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு.

ஆகவே 1600 லீப் ஆண்டு, 2000 லீப் ஆண்டு. 1900 இல்லை, 2100 இல்லை. 400 ஆண்டில் 100க்குப் பதிலாக 97 லீப் ஆண்டுகள். சராசரி ஆண்டுக்கும் பருவங்களின் உண்மையான ஆண்டுக்கும் இப்போதுள்ள வேறுபாடு அரை நிமிடத்துக்கும் குறைவு.

இனி நாள் கணக்குக்கு வருவோம். பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இது லீப் ஆண்டா?" என்பது. அந்தக் கேள்வி பாதி வழிக்குத்தான் உதவும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: "இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே ஒரு பிப்ரவரி 29 வருகிறதா?"

2024 லீப் ஆண்டு. அந்த ஆண்டு ஜனவரி 10இலிருந்து 2025 ஜனவரி 10 வரை 366 நாள். அதே 2024இல் மார்ச் 10இலிருந்து 2025 மார்ச் 10 வரை 365 நாள்தான். புறப்படும்போதே பிப்ரவரி 29 முடிந்துவிட்டது. 2023 மார்ச் 10இலிருந்து 2024 மார்ச் 10 வரையோ 366 நாள், 2023 சாதாரண ஆண்டாக இருந்தும். தொடக்கத் தேதியின் ஆண்டை மட்டும் பார்த்து முடிவுசெய்தால் இதில் இரண்டாவதும் மூன்றாவதும் தப்பாகிவிடும்.

நம் ஊர் நிதியாண்டு இதற்கு நல்ல உதாரணம். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், நிதியாண்டுக்குள் வரும் பிப்ரவரி எப்போதும் இரண்டாவது ஆண்டைச் சேர்ந்தது. அதனால் 2023-24 நிதியாண்டுக்கு 366 நாள். 2024-25க்கு 365 நாள். 2024 என்ற எண் இரண்டிலும் இருக்கிறது, கூடுதல் நாள் ஒன்றில்தான் இருக்கிறது.

ஒரே ஆண்டுக்குள் எண்ணுவது இன்னும் எளிது. 2024 ஜனவரி 20இலிருந்து மார்ச் 25 வரை எத்தனை நாள்? ஜனவரியில் மீதமுள்ள நாள் 11. பிப்ரவரி முழுவதும் 29. மார்ச்சில் 25. மொத்தம் 65. இதே தேதிகள் 2023இல் என்றால் பிப்ரவரிக்கு 28, மொத்தம் 64. பிப்ரவரி 10இலிருந்து பிப்ரவரி 28 வரை என்றாலோ, மார்ச் 5இலிருந்து ஏப்ரல் 5 வரை என்றாலோ எந்த ஆண்டிலும் விடை மாறாது. பிப்ரவரி 28இலிருந்து மார்ச் 1க்கு மட்டும் சாதாரண ஆண்டில் ஒரு நாள், லீப் ஆண்டில் இரண்டு நாள்.

இங்கே தொடக்க நாளை விட்டு, முடிவு நாளைச் சேர்த்து எண்ணியிருக்கிறோம். வயது, வட்டி போன்ற 'இடைவெளி'க் கணக்குகளுக்கு இதுதான் பொருந்தும். விடுப்பு விண்ணப்பம், விடுதி அறை போன்றவற்றில் இரு முனைகளையும் சேர்ப்பதா என்று முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சேர்த்தால் ஒன்று கூடும். நமது முறையில் தொடக்க நாளே பிப்ரவரி 29ஆக இருந்தால் அது கணக்கில் ஏறாது. முடிவு நாள் பிப்ரவரி 29 என்றால் ஏறும்.

நீண்ட காலத்துக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மொரார்ஜி தேசாய் 1995 ஏப்ரல் 10 அன்று காலமானார். நூறு வயதுக்கு ஓர் ஆண்டுகூட இல்லை. அவர் வாழ்ந்தது எத்தனை நாள்?

ரோமானியர்களின் பழைய வழக்கத்தை இங்கே கடன் வாங்கினால் வேலை சுலபமாகும். ஆண்டை மார்ச் 1இல் தொடங்கினால் பிப்ரவரி 29 ஆண்டின் கடைசி நாளாகிவிடும். நடுவில் நின்று தொல்லை தராது. 1896 பிப்ரவரி 29இலிருந்து மார்ச் 1 வரை 1 நாள். 1896 மார்ச் 1இலிருந்து 1995 மார்ச் 1 வரை 99 ஆண்டு. 365ஆல் பெருக்கினால் 36,135 நாள். அந்த இடைவெளியில் வந்த பிப்ரவரி 29களைச் சேர்க்க வேண்டும். 1904இல் தொடங்கி 1992 வரை நான்கு நான்காக எண்ணினால் 23. கடைசியாக 1995 மார்ச் 1இலிருந்து ஏப்ரல் 10 வரை 40 நாள். எல்லாம் சேர்த்து 36,199 நாள்.

விடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிழமை சாட்சி சொல்லும். மொத்த நாளை ஏழால் வகுத்து மீதியை மட்டும் பார்க்க வேண்டும். 36,199ஐ ஏழால் வகுத்தால் மீதி 2. அவர் பிறந்தது சனிக்கிழமை. இரண்டு நாள் தள்ளினால் திங்கள். 1995 ஏப்ரல் 10 திங்கட்கிழமையேதான். 1900ஐயும் லீப் ஆண்டு என்று தவறுதலாகச் சேர்த்திருந்தால் மீதி 3 வந்து, விடை செவ்வாய்க்கிழமையில் போய் நின்றிருக்கும். ஒரு நாள் பிசகினாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

இதே காரணத்தால்தான் ஒரு தேதியின் கிழமை ஆண்டுதோறும் ஒரு நாள் தள்ளிப்போகிறது. 365ஐ ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. நடுவே பிப்ரவரி 29 வந்தால் இரண்டு நாள் தாவும். சுதந்திர தினம் 2023இல் செவ்வாய். 2024இல் புதனைத் தாண்டி வியாழனுக்குப் போனது. 2025இல் வெள்ளி. 1947 ஆகஸ்ட் 15உம் வெள்ளிக்கிழமைதான். நடுவே 78 ஆண்டும் 20 பிப்ரவரி 29களும் போயின. 78உம் 20உம் சேர்ந்தால் 98, சரியாக ஏழின் மடங்கு.

பணம் புழங்கும் இடத்தில் இந்த ஒரு நாள் எப்படித் தெரியும் என்பதற்கு வங்கி வைப்பு நல்ல இடம். கணக்குக்காக, ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் டிசம்பர் 15இலிருந்து மார்ச் 15 வரை போடுவதாக வைத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் போட்டிருந்தால் இடைவெளி 90 நாள். முழு ஆண்டு வட்டி 7,000 ரூபாய்; அதில் 365க்கு 90 பங்கு என்றால் 1,726 ரூபாய் 3 காசு.

2023 டிசம்பரில் போட்டிருந்தால் நடுவே 2024 பிப்ரவரி 29 வருகிறது. 91 நாள். வகுக்கும் எண் என்ன என்பது இங்கே கேள்வியாகிறது. சாதாரண ஆண்டில் விழும் நாளை 365ஆலும் லீப் ஆண்டில் விழும் நாளை 366ஆலும் வகுக்கும் முறை வங்கிகளில் உண்டு. அதன்படி டிசம்பரில் விழும் 17 நாளுக்கு 326 ரூபாய் 3 காசு, 2024இல் விழும் 74 நாளுக்கு 1,415 ரூபாய் 30 காசு. ஆக 1,741 ரூபாய் 33 காசு. எல்லா நாளையும் 365ஆலேயே வகுத்தால் 1,745 ரூபாய் 21 காசு. இரு முறைகளுக்கும் வேறுபாடு நான்கு ரூபாய்க்குள். ஒரு லட்சத்துக்கு இது சிறிது. கோடிகளில் வைப்பு வைக்கும் அறக்கட்டளைக்கோ நிறுவனத்துக்கோ எந்த முறை என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

'மூன்று மாதம்' என்று போடுவதும் '91 நாள்' என்று போடுவதும் ஒன்றல்ல என்பதையும் இந்த உதாரணம் காட்டுகிறது. டிசம்பர் 15இல் போட்ட 91 நாள் வைப்பு 2023இல் மார்ச் 16 அன்று முதிரும். 2024இல் மார்ச் 15 அன்றே முதிர்ந்துவிடும். 90 நாள் வரை ஒரு வட்டி, 91 நாளிலிருந்து வேறு வட்டி என்று பிரித்திருக்கும் இடத்தில், தேதியை மட்டும் பார்த்து மூன்று மாதம் போட்டவர் எந்தப் பிரிவில் விழுவார் என்பதைப் பிப்ரவரிதான் முடிவுசெய்யும்.

'ஓராண்டு கழித்து' என்ற சொல்லும் இப்படித்தான் வழுக்கும். 2024 பிப்ரவரி 29இலிருந்து ஓராண்டு எப்போது முடிகிறது? 2025 பிப்ரவரி 28 என்றால் 365 நாள். மார்ச் 1 என்றால் 366. இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். ஹாங்காங்கில் வயது நிறைவைக் கணக்கிடும் சட்டம், பிப்ரவரி 29இல் பிறந்தவருக்குச் சாதாரண ஆண்டில் மார்ச் 1ஐ எடுத்துக்கொள்கிறது. தைவானின் குடியியல் சட்டத்தில், உரிய தேதி இல்லாத மாதத்துக்கு அந்த மாதத்தின் கடைசி நாளே முடிவு நாள். ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் லீப் நாளன்று கையெழுத்திட நேர்ந்தால், முடிவுத் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று குறிப்பிட்டுவிடுவதே பாதுகாப்பு.

கணினிக்கு நியாயம் சொல்லத் தெரியாது. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அஜூர் சேவை பல மணி நேரம் தடைப்பட்டது. அந்த அமைப்பு, ஓராண்டுக்குச் செல்லும் பாதுகாப்புச் சான்றிதழ்களைத் தானே உருவாக்கிக்கொள்ளும். முடிவுத் தேதிக்காக, நிரல் ஆண்டின் எண்ணோடு ஒன்றை மட்டும் கூட்டியது. கிடைத்தது 2013 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாளே இல்லாததால் சான்றிதழ் உருவாகவில்லை. அதை நம்பியிருந்த இயந்திரங்கள் அடுத்தடுத்து முடங்கின. 2024 பிப்ரவரி 29 அன்று நியூசிலாந்தில் ஆளில்லாப் பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில் அட்டை வழிப் பணம் செலுத்த முடியாமல் போனதும் லீப் நாளைக் கையாளாத மென்பொருளால்தான்.

அலுவலகங்களில் நாள்தோறும் திறக்கப்படும் எக்செல்லிலும் ஒரு பழைய பிழை குடியிருக்கிறது. அதில் ஒரு கட்டத்தில் 1900 பிப்ரவரி 29 என்று எழுதினால் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1இலிருந்து வரிசை எண்ணாக வைத்துக்கொள்கிறது; அதில் 60ஆம் எண், இல்லாத அந்த நாளுக்குத் தரப்பட்டிருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற முந்தைய மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல்லும் அதையே வைத்துக்கொண்டது. பிறகு மாற்றினால் உலகெங்கும் உள்ள கோப்புகளில் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். 1900 மார்ச் 1க்குப் பிந்தைய தேதிகளுக்கு இடையே கழித்தால் விடை சரியாகவே வரும். 1900 பிப்ரவரி 28க்கும் மார்ச் 1க்கும் நடுவே மட்டும் அது இரண்டு நாள் என்று சொல்லும், உண்மையில் ஒன்றுதான்.

பழைய ஆவணங்களோடு வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கத்தோலிக்க நாடுகள் பல 1582இலேயே புதிய நாட்காட்டிக்கு வந்தன. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752இல்தான் மாறின. அங்கே செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஆங்கில ஆவணத்தில் 1750இலுள்ள ஒரு தேதியிலிருந்து 1760இலுள்ள ஒரு தேதிவரை எண்ணும்போது அந்த 11 நாளைக் கழிக்காவிட்டால் விடை தவறும். 1700, பழைய முறையில் லீப் ஆண்டு. புதிய முறையில் இல்லை.

இப்போது உயிரோடு இருக்கும் யாரும், நான்கால் வகுபட்டும் லீப் ஆண்டாக இல்லாத ஓர் ஆண்டைப் பார்த்ததே இல்லை. 2000 நூற்றாண்டு ஆண்டாக இருந்தும் 400ஆல் வகுபட்டுத் தப்பித்துக்கொண்டது. அதனால் 'நான்கால் வகுத்துப் பார்' என்ற பாதி விதியே 1901 முதல் 2099 வரை எல்லாருக்கும் சரியாக வேலை செய்கிறது. அந்த வசதி நிரந்தரமானது அல்ல. இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளில் சிலர் 2100ஐப் பார்ப்பார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 28 ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை, மார்ச் 1.